தவில்காரர் பார்த்த விரல்

கும்பகோணத்தில் கல்யாணப் படம் எடுக்கிற தம்பி ஒருவர் எனக்குப் பழக்கம். துணிக்கடை ஒன்றின் மாடியில் ஸ்டுடியோ வைத்திருக்கிறார். சென்ற தை மாதத்துக்கு முன்னால் ஒரு நாள் போன் செய்து, “அண்ணே, ஆறே ஆறு வரி எழுதித் தரணும். இன்ஸ்டாகிராம்ல நம்ம படம் போடுற பக்கத்துக்கு. மேல ஒரு படம் இருக்கும், கீழ நாம எப்படி எடுப்போம், எப்படி புக் பண்ணணும்னு இருக்கணும். ஒங்களுக்கு அரை மணி நேர வேலை” என்றார். மூன்று சாயங்காலம் ஆயிற்று.

அவரே எழுதி வைத்திருந்ததை முதலில் அனுப்பச் சொன்னேன். அனுப்பினார்: “உங்கள் வாழ்வின் பொன்னான தருணங்களைக் காலத்தால் அழியாத காவியமாக்குகிறோம். ஒவ்வொரு படமும் ஒரு கதை சொல்லும். உங்கள் கனவுத் திருமணத்தை எங்கள் கேமராவின் கண்கள் வழியே காணுங்கள். தொடர்புக்கு உடனே அழைக்கவும்.” கூடவே இதய பொம்மை இரண்டு, கேமரா பொம்மை ஒன்று.

இதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் ஸ்டுடியோவின் பெயரை எடுத்துவிட்டு மண்டபத்துக்காரர் இதைப் போட்டுக்கொள்ளலாம். கடைசி வரிக்கு முன்னால் “கேமராவின் கண்கள்” என்பதை மட்டும் மாற்றிவிட்டால் மேடை அலங்காரம் செய்கிறவர் போட்டுக்கொள்ளலாம், பட்டுப்புடவைக் கடைக்காரரும் போட்டுக்கொள்ளலாம். எதிர்வீட்டு ஸ்டுடியோக்காரர் ஏற்கெனவே போட்டிருப்பார். பெண் வீட்டார் ஒரு ராத்திரி உட்கார்ந்து பதினைந்து பக்கங்களைப் பார்க்கிறார்கள் என்றால் பதினைந்திலும் இதே பொன்னான தருணம்தான். கடைசியில் யார் குறைந்த விலை சொல்கிறார், யாரை மாமாவுக்குத் தெரியும் என்பதைப் பார்த்து முடிவு செய்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. வேறு எதைக் கொண்டு முடிவு செய்வது?

“சரி, நீ எப்படி எடுப்பே, அதைச் சொல்லு” என்றேன்.

“கேண்டிட்ணே.”

இந்தச் சொல்லில்தான் முதல் சாயங்காலம் முழுவதும் போயிற்று. 1920களின் கடைசியில் ஜெர்மனியில் எரிக் சாலமன் என்பவர் எர்மனாக்ஸ் என்ற சிறிய கேமராவை எடுத்துக்கொண்டு நீதிமன்றங்களிலும் அரசியல் மாநாடுகளிலும் நுழைந்து, அங்கிருந்தவர்கள் கவனிக்காத நேரத்தில் படம் எடுத்தார். அந்த மாதிரிப் படங்களோடு ஒட்டிக்கொண்ட சொல் கேண்டிட். எடுக்கப்படுகிறவருக்கு உணர்வில்லாமல், அவர் பாட்டுக்கு இருக்கும்போது எடுத்தது என்று பொருள். நம் ஊர் கல்யாணக் கொட்டேஷனில் இது வேறொன்றாக ஆகிவிட்டது. அங்கே “ட்ரெடிஷனல் போட்டோ ஒருவர், கேண்டிட் போட்டோ ஒருவர், வீடியோ ஒருவர்” என்று ஆள் கணக்காக வரும். கேண்டிட் என்றால் கொஞ்சம் விலை கூடின லென்ஸ் வைத்திருக்கிற, பின்னணியை மங்கலாக்கித் தருகிற இரண்டாவது ஆள். அந்த ஆளே மாப்பிள்ளையையும் பெண்ணையும் தோப்புக்குக் கூட்டிப் போய், “நான் இல்லைன்னு நினைச்சுக்கிட்டு நடந்து வாங்க, பாதியில திரும்பிச் சிரிங்க” என்பார். மூன்று தடவை நடக்கவைத்து எடுத்த அந்தப் படத்துக்கும் கேண்டிட் என்றுதான் பெயர்.

அதனால் அந்தச் சொல்லைத் தடை செய்தேன். அதைச் சொல்லாமல், கையும் காலும் என்ன செய்கின்றன என்று மட்டும் சொல்லச் சொன்னேன். எங்கே நிற்பாய்? எத்தனை பேர் வருவீர்கள்? விளக்கு போடுவாயா? யாரையாவது “இங்க பாருங்க” என்பாயா? எப்போது என்பாய்? ஆளுக்கு இது விசாரணை மாதிரி இருந்தது. கொஞ்ச நேரம் நெளிந்துவிட்டு, “படத்தக் காட்டினா சொல்லிடுவேன்ணே” என்றார். அதுவே சரியான வழி என்று எனக்கு அப்போதுதான் பட்டது. நாங்கள் வரியை முதலில் தேடிக்கொண்டிருந்தோம். படத்தை முதலில் எடுத்து வைத்திருக்க வேண்டும்.

ஐந்தாறு படம் காட்டினார். மருதாணிக் கை, கண்ணாடி முன்னால் பெண், மாலை மாற்றும்போது தோளில் தூக்கிய மாமன், எல்லாம் நன்றாகத்தான் இருந்தன. எல்லாரிடமும் இருக்கின்றன. கடைசியாக வந்த படத்தில் மணமக்களே சரியாகத் தெரியவில்லை. படத்தின் ஓரத்தில் மங்கலாக மஞ்சள் கயிறும் ஒரு கையும். நடுவில், துல்லியமாக, தவில்காரர். இடது கைக் குச்சி காற்றில் நிற்கிறது. முகம் பக்கவாட்டில் திரும்பியிருக்கிறது. அவர் எதைப் பார்க்கிறார் என்று கண்ணைத் தொடர்ந்து போனால், மாலைகளுக்கு நடுவே வாத்தியாரின் ஒரு விரல் மேலே எழும்பிக்கொண்டிருக்கிறது. கெட்டிமேளம் என்று வாய்விட்டுச் சொல்வதற்கு ஒரு நொடி முந்தையது.

“இத எப்படி எடுத்தே?”

அப்போது கொட்டினார். மேளக்காரர்களுக்குப் பின்னால், மணவறைக்கு இடது பக்கம் பத்து நிமிடம் முன்பே போய் நின்றுவிட்டாராம். தாலி கட்டுகிற நேரத்தில் முன்னால் இடம் இருக்காது. உறவுக்காரர்கள் அட்சதையைக் கையில் வைத்துக்கொண்டு எழுந்து நின்றுவிடுவார்கள், அவர்களுக்கு முன்னால் பத்து செல்போன் உயரும். மாப்பிள்ளை முதல் முடிச்சைப் போட, நாத்தனார் மற்ற இரண்டு முடிச்சையும் போட்டு முடிக்கச் சில நொடிதான் ஆகும். அந்தச் சில நொடியில் முன்னாலிருந்து எடுக்கத் தன் கூட்டாளி ஒருவரை ஸ்டூல் போட்டு நிறுத்திவிட்டு, தான் பக்கவாட்டுக்கு வந்துவிட்டதாகச் சொன்னார். மேளம் அடிக்கிறவர் எப்போது ஓங்குவார் என்று அவருக்குத் தெரியாது. ஆனால் தவில்காரருக்குத் தெரியும். எனவே வாத்தியாரைப் பார்க்காமல் தவில்காரரைப் பார்த்துக்கொண்டிருந்தாராம். ஃபிளாஷ் போடவில்லை, போட்டால் தவில்காரர் திரும்பிப் பார்த்துவிடுவார்.

“மாப்பிள்ளை, கைய அப்படியே வைங்க, இங்க ஒரு தடவை பாருங்கன்னு சொல்ல மாட்டியா?”

“சொல்ல மாட்டேண்ணே. முன்னாடி சொல்லிக்கிட்டுதான் இருந்தேன். ஒரு கல்யாணத்துல வாத்தியார் மைக்கிலேயே திட்டிட்டார்.”

எழுத வேண்டியது இதற்குள் முழுக்க இருந்தது. ஸ்டைல் என்று தனியாக ஒன்றை வர்ணிக்க வேண்டியதில்லை. இந்த ஒரு படத்தை எடுக்க ஒருவர் எங்கே நின்றார், எதைச் செய்யவில்லை, அந்த நேரத்தில் இன்னொருவர் எங்கே இருந்தார் என்பதைச் சொன்னால் போதும். படிக்கிறவர் மேலே இருக்கிற படத்தோடு ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்வார். “இயல்பான தருணங்களைப் பதிவு செய்கிறோம்” என்பதை எந்தப் படத்தோடும் ஒப்பிட முடியாது. “தாலி கட்டும்போது யாரையும் நிறுத்தச் சொல்ல மாட்டோம்” என்றால், தன் அக்கா கல்யாணத்தில் போட்டோக்காரர் மூன்று முறை நிறுத்தியதைப் பார்த்தவருக்கு உடனே புரியும். அதில் இன்னொரு வசதியும் இருக்கிறது. இதைப் படித்துவிட்டு, “எங்களுக்கு அப்படி வேண்டாம், மாப்பிள்ளை கேமராவைப் பார்த்து, தாலியைக் கையில் பிடித்தபடி தெளிவாக ஒரு படம் வேண்டும்” என்று நினைக்கிற குடும்பம் போன் செய்யாது. அது தப்பான ஆசையும் இல்லை. ஆனால் அவர்களும் இவரும் சேர்ந்தால் கல்யாணத்தன்று இரண்டு பக்கமும் மனத்தாங்கல்தான்.

இந்த இடத்தில் தம்பி பயந்தார். முடியாததை எல்லாம் எழுதினால் ஆள் வருவார்களா என்று கேட்டார். குறிப்பாக, வெளிச்சம் பற்றி நான் போட்ட வரி அவருக்குப் பிடிக்கவில்லை.

வெளிச்சம் விஷயம் இதுதான். முகூர்த்தம் விடிவதற்கு முன்போ விடிந்த கொஞ்ச நேரத்திலோ இருக்கும். மண்டபத்துக்குள் சூரியன் வராது. ஃபிளாஷ் இல்லாமல் எடுக்கவேண்டும் என்றால் கேமராவின் ஒளி உணர்திறனை, அதாவது ஐஎஸ்ஓ என்பதை, 3,200க்கோ 6,400க்கோ ஏற்ற வேண்டும். ஏற்றினால் நிழல் பகுதிகளில் பொடிப்பொடியாகப் புள்ளி விழும். செல்போன் திரையில் அது தெரியாது. ஆல்பத்தில் பெரிதாகப் போடும்போது தெரியும். ஆல்பம் கைக்கு வந்த அன்று பெரியப்பா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, “என்னப்பா, புள்ளி புள்ளியா இருக்கு?” என்பார். அதை அன்றைக்குக் கேட்பதைவிட இன்றைக்கே சொல்லிவிடலாம் அல்லவா? ஃபிளாஷ் இல்லாத படம் வேண்டும், பளபளவென்றும் இருக்க வேண்டும் என்றால் இருட்டு மண்டபத்தில் இரண்டும் சேர்ந்து கிடைக்காது.

இன்னொரு தொல்லை அலங்கார விளக்கு. இப்போது மணவறைக்கு மேலே ஊதாவும் ரோஜாவுமாக எல்இடி போடுகிறார்கள். கண்ணுக்கு ஜோராக இருக்கிறது. அந்த விளக்கு நீலத்தையும் சிவப்பையும் மட்டுமே கொட்டுகிறது, பச்சைப் பங்கு அதில் கிட்டத்தட்ட இல்லை. தோலின் நிறம் சரியாக வர மூன்றும் வேண்டும். வராத நிறத்தைக் கணினியில் பிறகு வரவழைக்க முடியாது. மஞ்சள் வெளிச்சம் கூடிப்போனால் குறைத்துக்கொள்ளலாம். ஊதாவில் நனைந்த முகத்தை ஒன்றும் செய்ய முடியாது. கல்யாண ஆல்பங்களில் திடீரென்று நாலு படம் கறுப்பு வெள்ளையில் வந்தால், அது கலை என்று நினைத்து நாம் ரசிக்கிறோம். பாதி நேரம் அது ஊதா விளக்கிலிருந்து தப்பித்த கதை. தம்பியே ஒப்புக்கொண்டார். அதை மட்டும் எழுதாமல் விடச் சொன்னார், விட்டேன்.

இன்னொரு விட்டுக்கொடுத்தலும் இருந்தது. சடங்கு நேரத்தில் யாரையும் கூப்பிடுவதில்லை என்பதை மட்டும் எழுதினால், குடும்பப் படமே எடுக்க மாட்டார்களோ என்று தோன்றும். தாத்தா பாட்டியோடு வரிசையாக நின்று எடுக்கிற படம் இல்லாமல் நம் ஊரில் ஆல்பம் இல்லை. சொல்லப்போனால், இருபது வருஷம் கழித்து வீட்டில் எடுத்துப் பார்ப்பது அதைத்தான். அதற்கு இவர் ஃபிளாஷ் போடுகிறார், நிற்க வைக்கிறார், சின்னப் பையனைக் கூப்பிட்டு முன்னால் உட்காரச் சொல்கிறார். எனவே அதையும், அதற்கு நாற்பது நிமிடம் ஒதுக்கித் தரவேண்டும் என்பதையும் சேர்த்தோம். பந்தி தொடங்கிவிட்டால் அந்த நாற்பது நிமிடம் கிடைக்காது.

இரண்டாவது சாயங்காலம் புக்கிங்.

இதில் எனக்குச் சொந்த அனுபவம் ஒன்று உண்டு. என் தங்கை மகள் கல்யாணத்துக்கு ஒரு ஸ்டுடியோவில் பேசினோம். பெயர் வேண்டாம். வைகாசியில் முகூர்த்தம். தேதியைச் சொன்னோம். “பிளாக் பண்ணிக்கிறேன் சார்” என்று வாட்ஸ்அப்பில் பதில் வந்தது. கட்டை விரல் பொம்மையும் வந்தது. நாங்கள் புக் ஆகிவிட்டது என்று நினைத்துப் பத்திரிகை அடிக்கப் போய்விட்டோம். அவர் எங்களை விசாரித்தவர்களில் ஒருவராக எழுதி வைத்திருந்தார். அடுத்த வாரம் வேறொரு குடும்பம் அதே தேதிக்கு அட்வான்ஸ் கொடுத்தது, வாங்கிக்கொண்டார். கல்யாணத்துக்குப் பதினெட்டு நாள் முன்னால் எங்களுக்குத் தெரிந்தது. அவர் மீது எங்களுக்குக் கோபம், எங்கள் மீது அவருக்கு ஆச்சரியம். யோசித்தால், “பிளாக்” என்ற சொல்லுக்கு இரண்டு பேரும் இரண்டு பொருள் வைத்திருந்தோம்.

நம் ஊரில் இது அடிக்கடி நடக்கக் காரணம் இருக்கிறது. ஆடியிலும் மார்கழியிலும் பொதுவாகக் கல்யாணம் வைப்பதில்லை, புரட்டாசியை விடுகிறவர்களும் நிறைய. மிச்ச மாதங்களிலும் வளர்பிறை, நல்ல நட்சத்திரம், கிழமை என்று பார்த்துப் பார்த்துச் சில நாள்களில் எல்லாக் கல்யாணமும் குவிந்துவிடும். அந்த ஒரு நாளுக்கு ஒரே போட்டோக்காரரை ஏழெட்டுக் குடும்பம் கேட்கும். அடுத்த நாள் அவர் சும்மா இருப்பார். ஆகவே எந்தக் கணத்தில் தேதி ஒருவருக்கு உரியதாகிறது என்பதைப் புக்கிங் வரிகளில் மறைக்காமல் சொல்லியாக வேண்டும். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

அது இவருக்கு எந்தக் கணம்? கேட்டபோது அவருக்கே திட்டமாகத் தெரியவில்லை. சிலரிடம் வாய்ச்சொல்லில் விட்டுவிடுகிறார், சிலரிடம் ஆயிரத்தொரு ரூபாய் வெற்றிலையில் வைத்துத் தந்தால் வாங்கிக்கொள்கிறார், சிலரிடம் முப்பது சதவீதம் கேட்கிறார். இந்த இடத்தில் எழுத்து வேலை நின்று, தொழில் வேலை ஆரம்பித்தது. முதலில் முடிவு செய்தால்தான் எழுத முடியும். மாடியில் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். இரண்டு நாள், மூன்று ஆள், முப்பது தாள் ஆல்பம் ஒன்று என்றால் அவர் வாங்குவது 80,000 ரூபாய். அதில் 24,000 அட்வான்ஸ். முதல் நாள் மாலை வேலையைத் தொடங்கும்போது 40,000. மிச்சம் 16,000 ஆல்பம் கையில் கொடுக்கும்போது. கடைசித் தொகையை அவர்கள் கையிலேயே விட்டுவைப்பது அவருக்கு முதலில் கசந்தது. கல்யாணம் முடிந்த பிறகு காசு வாங்குவது எவ்வளவு கஷ்டம் என்று அவருக்குத் தெரியும். ஆனால் காசு முழுவதையும் வாங்கிக்கொண்டு ஆல்பத்துக்கு இழுத்தடிக்கிறவர்களைப் பற்றிக் குடும்பங்களுக்கும் தெரியும்.

ஆல்பம் தாமதமாவதற்கு உண்மையில் யார் காரணம் என்பது தனிக் கதை. முப்பது தாளுக்கு ஏறக்குறைய 150 படம் தேவை. எடுத்தது ஆயிரத்து ஐந்நூறைத் தாண்டும். அதிலிருந்து 150ஐப் பொறுக்கித் தர வேண்டியது வீட்டார். பெண் பொறுக்கினதை மாமியார் பார்க்க வேண்டும், மாமியார் வீட்டுப் பக்கம் படம் குறைவு என்பார்கள், மாப்பிள்ளை அதற்குள் பெங்களூர் போய்விடுவார். நாலு மாதம் அப்படியே கிடக்கும். பிறகு ஒரு நாள், “என்ன தம்பி, கல்யாணம் முடிஞ்சு அஞ்சு மாசம் ஆச்சு, இன்னும் ஆல்பம் வரலையே” என்று போன் வரும். “45 நாளில் ஆல்பம்” என்று மொட்டையாக எழுதுகிற எல்லா ஸ்டுடியோவும் இந்தப் போனை வாங்கும். எந்த நாளிலிருந்து 45 என்பதை எழுதிவிட்டால் பாதிச் சண்டை இல்லை. படம் தேர்ந்தெடுத்துக் கொடுத்த நாளிலிருந்து.

விலையைப் போடலாமா என்று ஒரு வாக்குவாதம் நடந்தது. “விலைக்கு மெசேஜ் செய்யவும்” என்று போடுவதுதான் வழக்கமாம். போட்டால் போட்டியாளர் பார்த்துவிடுவார் என்றார். போட்டியாளர் ஒரு மச்சானை விட்டு ஒரு போனில் தெரிந்துகொள்வார் என்றேன். அதைவிட, தன்னால் முடியுமா முடியாதா என்று தெரியாமல் கூச்சப்பட்டுக்கொண்டு போன் செய்யாமலே போகிற குடும்பம் நிறைய. “80,000 ரூபாயிலிருந்து” என்று மட்டும் போட்டாலும் பிரயோசனம் இல்லை. அந்த எண்பதுக்கு எத்தனை நாள், எத்தனை ஆள், என்ன ஆல்பம் என்பது பக்கத்திலேயே இருக்க வேண்டும்.

கேட்கிறவர் முதல் செய்தியில் என்ன அனுப்ப வேண்டும் என்பதையும் எழுதினோம். சாதாரணமாக வருகிற செய்தி, “ஹாய், பிரைஸ் டீட்டெய்ல்ஸ்?” என்பது. அதற்குப் பதில் சொல்ல நாலு கேள்வி கேட்க வேண்டியிருக்கிறது. தேதி, ஊர், மண்டபம் இவை எல்லாருக்கும் தோன்றும். தோன்றாதவை இரண்டு. ஒன்று முகூர்த்த நேரம். நாலரை மணி முகூர்த்தம் என்றால் பெண்ணுக்கு அலங்காரம் ஒன்றரைக்கே தொடங்கிவிடும், படம் எடுக்கிறவர் அதற்குள் குளித்து வந்திருக்க வேண்டும். ஒன்பது மணி முகூர்த்தம் என்றால் அதே ஆள் அதே சம்பளத்துக்கு நிம்மதியாகத் தூங்குவார். இரண்டாவது, முதல் நாள் மாலை. நாம் பன்னிரண்டாம் தேதி கல்யாணம் என்கிறோம், ஆனால் மாப்பிள்ளை அழைப்பும் வரவேற்பும் பதினொன்றாம் தேதி சாயங்காலமே நடந்துவிடும். அந்தச் சாயங்காலம் இவருக்கு வேறொரு ஊரில் வேலை இருந்தால், பன்னிரண்டு காலி என்று சொன்னது வீண்.

இதற்கு மேல் ஒரு வரி எனக்குத் தேவைப்பட்டது. தம்பிக்கு அது தெரியவே தெரியாது. இந்தப் படம் யாருடையது? எடுத்தவர் கையில் கேமரா, கேமராவில் படம், ஆகவே தன்னுடையது என்றுதான் எல்லா போட்டோக்காரர்களும் நினைக்கிறார்கள். 1957ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் வேறு மாதிரி சொல்கிறது. அதன் 17ஆம் பிரிவின்படி, ஒருவர் கேட்டுக்கொண்டு, அதற்குப் பணமும் கொடுத்து எடுக்கப்பட்ட புகைப்படத்துக்கு, வேறு விதமாக ஒப்பந்தம் இல்லாவிட்டால், முதல் உரிமையாளர் பணம் கொடுத்து எடுக்கச் சொன்னவரே. அதாவது கல்யாணப் படம் கல்யாண வீட்டாருடையது. அதைத் தன் பக்கத்தில் போட்டு ஆள் பிடிப்பதற்கு அவர்களிடம் கேட்டிருக்க வேண்டும். கேட்டதை எழுத்தில் வாங்கி வைத்திருக்க வேண்டும். அட்வான்ஸ் வாங்கும் தாளிலேயே, “எங்கள் படங்களில் சிலவற்றை விளம்பரத்துக்குப் பயன்படுத்தலாம் / கூடாது” என்று ஒரு வரி போட்டு, வேண்டாததை அடிக்கச் சொன்னால் முடிந்தது.

தம்பி உடனே அந்தக் குடும்பத்துக்குப் போன் போட்டார். அவர்கள் சந்தோஷமாகச் சரி என்றார்கள், எழுதியும் அனுப்பினார்கள். எனக்கு உறுத்தியது, படத்தில் இருப்பது மணமக்களை விடத் தவில்காரர்தானே? அவரையும் கேட்கச் சொன்னேன். அவர் திருவிடைமருதூர்ப் பக்கம். “போட்டுக்க தம்பி. எனக்கு ஒரு காப்பி பெரிசாப் போட்டுக் குடு. முப்பது வருஷமா அடிக்கிறேன், ஒரு ஆல்பத்துலயும் என் மூஞ்சி இல்ல” என்றாராம்.

மூன்றாவது சாயங்காலம் வெட்டுகிற வேலை. இன்ஸ்டாகிராம் ஒரு படத்துக்குக் கீழே 2,200 எழுத்து வரை இடம் தருகிறது. அது தாராளம். ஆனால் முதலில் திரையில் தெரிவது ஓரிரு வரிதான், மிச்சத்தைப் பார்க்க விரலால் தட்ட வேண்டும். தமிழில் எழுதுகிறவருக்கு இதில் ஒரு நெருக்கடி உண்டு. நாம் ஓர் எழுத்து என்று எண்ணுவதைக் கணினி இரண்டாக எண்ணும். “மு” என்பது அதற்கு ம ஒன்று, உகரக் குறி ஒன்று. “ம்” என்பதும் இரண்டு. “தாலி கட்டும்போது யாரையும் நிறுத்தச் சொல்ல மாட்டோம்.” என்ற வரியில் நம் கணக்குக்கு 24 எழுத்து. கணினியின் கணக்கில், இடைவெளியும் முற்றுப்புள்ளியும் சேர்த்து, 51. ஆகவே ஸ்டுடியோவின் பெயர், வணக்கம், இதயம் எதுவும் முதல் வரியில் வர இடமில்லை. பெயர்தான் பக்கத்தின் தலையிலேயே இருக்கிறதே. எடுத்த எடுப்பில் அந்த வரிதான் நிற்க வேண்டும்.

கடைசியில் நின்றது இது:

“தாலி கட்டும்போது யாரையும் நிறுத்தச் சொல்ல மாட்டோம்.

இந்தப் படத்தில் தவில்காரர் பார்ப்பது வாத்தியாரின் விரலை. கெட்டிமேளத்துக்கு ஒரு நொடி முன்பு, மேளக்காரர்களுக்குப் பின்னால் நின்று, ஃபிளாஷ் இல்லாமல் எடுத்தது. அதே நேரத்தில் எங்களில் இன்னொருவர் முன்னால் நின்று தாலி கட்டுவதை எடுத்தார். சடங்கு நேரம் முழுவதும் இப்படித்தான்: பக்கவாட்டில் ஒருவர், முன்னால் ஒருவர். குடும்பப் படங்களுக்கு மட்டும் நிற்கவைத்து, ஃபிளாஷ் போட்டு எடுப்போம். அதற்கு 40 நிமிடம் வேண்டும். வெளிச்சம் குறைந்த மண்டபத்தில் சடங்குப் படங்கள் பொடி மணல் தூவியதுபோல் தெரியும்.

புக் செய்ய, தேதி, ஊர், மண்டபம், முகூர்த்த நேரம், முதல் நாள் மாலை நிகழ்ச்சி உண்டா இல்லையா, இந்த ஐந்தையும் வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். தேதி காலியா என்று அன்றே சொல்வோம். ஒரு முறை பேசிவிட்டு, யார் யார் வருவோம், என்ன தருவோம், எவ்வளவு என்பதை எழுதி அனுப்புவோம். இரண்டு நாள், மூன்று பேர் (படம் இருவர், வீடியோ ஒருவர்), 30 தாள் ஆல்பம் ஒன்று: 80,000 ரூபாயிலிருந்து. 24,000 அட்வான்ஸ் வந்து, நாங்கள் ரசீது அனுப்பிய பிறகே தேதி உங்களுடையது. அதற்கு முன்பு வேறு யாராவது கொடுத்தால் அவர்களுக்குப் போய்விடும். ஆல்பத்துக்கு 150 படம் நீங்கள் தேர்ந்தெடுத்துத் தந்த நாளிலிருந்து 45 நாள். கடைசி 16,000 ஆல்பத்தைக் கையில் வாங்கும்போது.

படம்: குடும்பத்தாரின், தவில் கலைஞரின் அனுமதியுடன்.”

ஆறு வரி கேட்டவருக்கு இது அதிகம்தான். “நீளமா இருக்கேண்ணே” என்றார். போன் செய்கிற ஒவ்வொருவரிடமும் இதைத்தான் பத்து நிமிடம் சொல்கிறாய் என்றேன். “போய்விடும்” என்ற சொல் கொஞ்சம் கடுமையாக இருக்கிறதோ என்று எனக்கு இன்னும் சந்தேகம். மென்மையாக மாற்றிப் பார்த்தோம். மாற்றினால் மறுபடியும் “பிளாக்” பக்கம் சாய்ந்தது, விட்டுவிட்டோம்.

இந்தத் தாளை இப்படியே எடுத்து வேறு ஸ்டுடியோவில் ஒட்ட முடியாது. சர்ச்சில் கல்யாணம் எடுக்கிறவருக்குத் தாலி வரியே பாதி பொருந்தாது, பலிபீடத்துக்கு எவ்வளவு பக்கத்தில் போகலாம் என்று பாதிரியாரிடம் கேட்பதில் அவர் வேலை தொடங்கும். நிக்காஹில் பெண் வேறு அறையில் இருப்பார், ஆள் இரண்டு இடத்தில் வேண்டும். தம்பியே கூட அடுத்த படத்துக்கு இதைத் திருப்பிப் போட முடியாது, புக்கிங் பத்தி மட்டும் அப்படியே இருக்கும். மேலே சொல்கிறது படத்துக்குப் படம் மாறும்.

போட்டுப் பத்து நாள் கழித்து மயிலாடுதுறையிலிருந்து ஒருவர் அழைத்திருக்கிறார். ஐந்து விவரத்தையும் அனுப்பிவிட்டு, “பொடி மணல் தூவின மாதிரி தெரியும்னு போட்டிருக்கீங்களே, எங்க மண்டபத்துல எப்படி வரும்? ஒரு நடை வந்து பாத்துட்டுச் சொல்லுங்களேன்” என்று கேட்டாராம். தம்பி பஸ் பிடித்துப் போனார். மண்டபத்தில் அன்றைக்கு வேறொரு வரவேற்புக்கு அலங்காரம் நடந்துகொண்டிருந்தது. மணவறைக்கு மேலே நாலு ஊதா விளக்கு. அலங்காரம் செய்கிறவரின் பையனை நடுவில் உட்காரவைத்து விளக்கோடு ஒரு படம், விளக்கை அணைத்துவிட்டு ஒரு படம் எடுத்துக் காட்டினார். கல்யாண வீட்டுக்காரர் இரண்டையும் பார்த்தார், அலங்காரக்காரரும் பார்த்தார். முகூர்த்தம் முடிகிறவரை அந்த நாலையும் போடுவதில்லை என்று அங்கேயே பேசி முடித்துக்கொண்டார்கள். அட்வான்ஸ் அன்று சாயங்காலம் வந்தது. பஸ்ஸில் உட்கார்ந்தபடியே ரசீது அனுப்பினாராம்.